பால்வழியைப் படமெடுக்க எத்தனை விநாடி? நட்சத்திரம் கோடாகாமல் எக்ஸ்போஷர் நேரத்தைத் தேர்வது பற்றிய கேள்விகள்

500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்துத்தான் எடுத்தேன். கேமரா திரையில் அழகாக இருந்த படம், கணினியில் பெரிதாக்கினால் நட்சத்திரமெல்லாம் சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரிகிறது. ஏன்?

அந்த 500 கணக்கு ஃபிலிமுக்குப் பொருந்தும் கணக்கு. இன்றைய சென்சாரின் நுணுக்கத்துக்கு அது போதாது.

பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. 20 மிமீ லென்ஸில் 25 விநாடி திறந்து வைத்தால், அந்த நேரத்தில் ஒரு நட்சத்திரத்தின் பிம்பம் சென்சார் மேல் சுமார் 0.036 மிமீ தூரம் நகரும். 500 கணக்கை எந்த லென்ஸுக்குப் போட்டாலும், 35 மிமீ ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள முழுச்சட்ட கேமராவில் இதே 0.036 மிமீதான் வரும். 35 மிமீ ஃபிலிமில் 0.03 மிமீ வரையான மங்கலைக் கண் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும் என்பது பழைய அளவுகோல். அதோடு ஒப்பிட்டால் 500 கணக்கில் பெரிய குறை இல்லை.

ஆனால் 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். 0.036 மிமீ என்றால் ஆறு பிக்சல். 45 மெகாபிக்சல் கேமராவில் அதுவே எட்டு பிக்சலைத் தாண்டிவிடும். நீங்கள் பார்த்த கோடு அதுதான். கேமராவிலும் பழுதில்லை, ட்ரைபாடும் ஆடவில்லை.

அப்படியானால் என் கேமராவுக்கும் லென்ஸுக்கும் சரியான விநாடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரான்ஸில் லெ ஆவ்ர் நகர வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் மிஷோ உருவாக்கிய கணக்கு ஒன்று இருக்கிறது. NPF என்று தேடினால் கிடைக்கும். அதன் எளிய வடிவம் இது:

```
t = (35 × N + 30 × p) / f
```

t என்பது விநாடி. N என்பது அபெர்ச்சர் எண், அதாவது f/3.5 என்றால் 3.5. p என்பது ஒரு பிக்சலின் அகலம், மைக்ரானில். f என்பது லென்ஸின் மில்லிமீட்டர்.

பிக்சல் அகலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சென்சாரின் அகலத்தைப் படத்தின் நீளவாக்குப் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 23.5 மிமீ அகலமும் 6000 பிக்சலும் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 3.9 மைக்ரான் வரும்.

இதில் ஒரு இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். 500 கணக்கில் சின்ன சென்சாருக்காக 1.5 அல்லது 1.6 என்ற கிராப் எண்ணைச் சேர்த்துப் பெருக்குவோம். இங்கே அதைச் சேர்க்கவே கூடாது. லென்ஸ் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டரை அப்படியே போட வேண்டும். சென்சாரின் வித்தியாசம் ஏற்கெனவே பிக்சல் அகலத்தில் வந்துவிட்டது.

அபெர்ச்சர் எதற்கு என்றால், அபெர்ச்சரைச் சிறிதாக்கச் சிறிதாக்க, ஒளி விளிம்பில் வளைந்து நட்சத்திரப் புள்ளி இயல்பிலேயே கொஞ்சம் பருமனாகும். பருத்த புள்ளியில் சிறு நகர்வு தெரியாது. அதனால் கணக்கு கொஞ்சம் கூடுதல் நேரம் தருகிறது. ஆனால் நேரம் கூடும் என்பதற்காக அபெர்ச்சரைச் சிறிதாக்க வேண்டாம். ஒளியில் இழப்பது அதைவிட அதிகம்.

ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா? என்னிடம் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும்தான்.

மே மாதம் நடுவில், அமாவாசையை ஒட்டிய ஒரு இரவில் ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர் அது. அங்கிருந்து பார்த்தால் அதிகாலை இரண்டரை மணி வாக்கில் பால்வழியின் மையம் நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 48 டிகிரி உயரத்தில் இருக்கும். விருச்சிகத்தின் வாலில் இருக்கும் மூல நட்சத்திரத்துக்கும் தனுசுக்கும் நடுவே பட்டை மிகவும் தடித்துத் தெரியும் இடம் அது. லடாக்கின் ஹான்லேயில் வானம் இதைவிடப் பலமடங்கு இருட்டு. ஆனாலும் அங்கே இதே மையம் 28 டிகிரிக்கு மேல் ஏறாது. உயர விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்தான்.

கேமராவை நெட்டுவாக்கில் வைத்து, 18 மிமீ, f/3.5 என்று அமைக்கிறீர்கள். கணக்கு இப்படி வரும்:

```
t = (35 × 3.5 + 30 × 3.9) / 18 = 13.3
```

கேமராவில் 13 விநாடி என்றே ஒரு நிலை இருக்கும், அதை வையுங்கள். பழைய 500 கணக்கு, 1.5 என்ற கிராப் எண்ணையும் சேர்த்தால், இதே லென்ஸுக்கு 18.5 விநாடி தந்திருக்கும்.

இரண்டிலும் நட்சத்திரம் எத்தனை பிக்சல் நகர்கிறது என்று பார்த்துவிடலாம். அதற்கு இன்னொரு சின்னக் கணக்கு போதும்:

```
px = 0.073 × f × t / p
```

18.5 விநாடிக்கு ஆறு பிக்சலைக் கொஞ்சம் தாண்டுகிறது. 13 விநாடிக்கு நாலரைக்குச் சற்றுக் குறைவு. லென்ஸின் கூர்மைக் குறைவால் நட்சத்திரப் புள்ளியே இரண்டு மூன்று பிக்சல் அகலம் இருக்கும். ஆகவே நாலு பிக்சல் நகர்வு லேசான நீள்வட்டமாகத்தான் தெரியும். ஆறு பிக்சல் என்றால் கோடு என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

முதல் படத்தை எடுத்ததும் திரையில் முழுமையாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மையத்தை மட்டும் பார்த்தால் போதாது, மேல் ஓரத்தையும் பாருங்கள். அகன்ற லென்ஸ் ஓரங்களை இழுத்துக் காட்டும் என்பதால், அதே நகர்வு அங்கே 20 முதல் 40 சதவீதம் வரை நீண்டு தெரியலாம். ஓரம் பிடிக்கவில்லை என்றால் 10 விநாடிக்கு இறங்குங்கள். கணக்கு ஆரம்பப் புள்ளிதான், முடிவு செய்வது இந்தச் சோதனைப் படம்.

எல்லோரும் இவ்வளவு துல்லியம் பார்க்க வேண்டுமா? நான் போனில் பகிர்வதற்காக மட்டும் எடுக்கிறேன்.

அப்படியானால் 500 கணக்கே உங்களுக்குப் போதும். 6000 பிக்சல் அகலப் படத்தை 1080 பிக்சலுக்குச் சுருக்கும்போது ஆறு பிக்சல் கோடு ஏறக்குறைய ஒரே பிக்சலாகிவிடும். யாருக்கும் தெரியாது.

அதே படத்தை ஏ3 தாளில் அச்சிட்டால் கதை வேறு. அங்கே அந்தக் கோடு 0.4 மிமீ நீளத்துக்கு வரும். கையில் வைத்துப் பார்ப்பவர் கண்ணில் படும். எதற்காக எடுக்கிறோம் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் படத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், விழுந்த கோட்டைப் பிறகு அழிக்க முடியாது. என் விருப்பம் எப்போதும் நாலரை பிக்சலுக்குள் நிறுத்துவது.

13 விநாடியில் படம் இருட்டாக வருகிறது. 30 விநாடி வைத்தால் பால்வழி பளிச்சென்று வருகிறதே, அதையே வைக்கக் கூடாதா?

பளிச்சென்று வருவது உண்மைதான். ஏன் என்று புரிந்துகொண்டால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதும் புரியும்.

வரிசையாக வைத்த குடங்களாகப் பிக்சல்களை நினைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் என்பது அந்த வரிசை மேல் மெல்ல நகர்ந்துகொண்டே போகும் ஒரு குழாய். ஒரு குடத்தைத் தாண்டிப் போனபின் அந்தக் குடத்தில் மேற்கொண்டு நீர் விழாது, அடுத்த குடத்தில்தான் விழும். எனவே விநாடியைக் கூட்டினால் கோடு நீளுமே தவிர, நட்சத்திரம் பிரகாசமாகாது. பால்வழியின் மங்கிய ஒளி அப்படியல்ல. அது எல்லாக் குடத்திலும் ஒரே நேரத்தில் பெய்யும் மழை. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோமோ அவ்வளவு சேரும்.

அதனால்தான் 30 விநாடிப் படத்தில் பட்டை செழிப்பாகவும் நட்சத்திரங்கள் சோர்ந்தும் இருக்கின்றன. அதோடு பட்டைக்கு நடுவே ஓடும் கரிய தூசுக் கோடுகளின் ஓரக் கூர்மையும் போய்விடும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டுவது இதற்கு மாற்றாகாது. 3200-லிருந்து 6400-க்குப் போனால் திரையில் படம் இரு மடங்கு வெளிச்சமாகத் தெரியும். சென்சாருக்குள் வந்த ஒளி அதேதான். மேலே சொன்ன உதாரணத்துக்கு நான் ஐஎஸ்ஓ 3200 வைத்து, ரா ஃபைலில் எடுப்பேன். ஹிஸ்டோகிராமின் மலைமுகடு இடது ஓரத்தை விட்டுப் பிரிந்து, கால் பங்கு தூரத்தில் நின்றால் போதும். திரையில் இருட்டாகத் தெரிவது குறையில்லை.

ஊருக்குப் பக்கத்தில் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். வேலூரின் வெளிச்சமோ திருவண்ணாமலையின் வெளிச்சமோ வானத்தில் படிந்திருந்தால், 13 விநாடிக்குள்ளேயே வானம் செம்மஞ்சளாக வெளுத்துவிடும். அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது பூமியின் சுழற்சி இல்லை, அந்த வெளிச்சம்தான். விநாடியைக் கூட்டினால் பட்டையோடு சேர்ந்து வெளுப்பும் கூடும், வேறுபாடு கூடாது.

அப்படியென்றால் ஒளியை எப்படித்தான் கூட்டுவது?

ஒரே நீண்ட படத்துக்குப் பதிலாகப் பல குறுகிய படங்கள். அதே அமைப்பில், கேமராவைத் தொடாமல், 13 விநாடிப் படங்கள் இருபது எடுங்கள். மொத்தம் 260 விநாடி ஒளி சேர்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரம் புள்ளியாகவே இருக்கும். இவற்றை நட்சத்திரங்களின் இடத்தைப் பொருத்தி அடுக்கி, சராசரி எடுத்தால், இரைச்சல் எனப்படும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குக் குறையும். இருபதுக்கு ஏறத்தாழ நாலரை மடங்கு.

இந்த அடுக்கும் வேலையை விண்டோஸில் Sequator இலவசமாகச் செய்யும். Siril விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். இருபது படம் எடுக்கும் ஐந்து நிமிடத்தில் வானம் ஒன்றேகால் டிகிரி நகர்ந்திருக்கும். நட்சத்திரங்களைப் பொருத்தினால் மரமும் மலையும் கலங்கிப் போகும். Sequator-இல் வானப் பகுதியை அடையாளம் காட்டி Freeze ground என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும். நிலத்துக்கென்று தனியாக ஐஎஸ்ஓ 800-இல் இரண்டு நிமிடப் படம் ஒன்று எடுத்து வைத்துப் பிறகு சேர்ப்பது இன்னும் தெளிவாக வரும். அதில் நட்சத்திரம் கோடாக விழுந்தாலும் கவலையில்லை, வானத்தை அதிலிருந்து எடுக்கப் போவதில்லை.

கிளம்பும் முன் கேமரா மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா இன்னொரு 13 விநாடி மூடிக்கொண்டு இருக்கும். பாதி இரவு அதிலேயே போய்விடும்.

18 மிமீ கிட் லென்ஸைவிட என் 50 மிமீ f/1.8 லென்ஸ் நன்றாக இருக்குமா? ஆனால் அதில் விநாடி ரொம்பக் குறைகிறதே?

குறையும். கணக்குப்படி மூன்றரை விநாடிதான், கேமராவில் 3.2 என்று வைக்கலாம். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் பட்டையின் ஒளி அளவில் நஷ்டம் எதுவும் இல்லை. f/1.8 அபெர்ச்சர் f/3.5-ஐப் போல ஏறத்தாழ நாலு மடங்கு ஒளியை ஒவ்வொரு பிக்சலுக்கும் தருகிறது. நேரம் கால்வாசி, ஒளி நாலு மடங்கு, ஆகவே பால்வழி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்தில் பதியும். நட்சத்திரங்களோ 50 மிமீயில் பல மடங்கு அதிகம் பதியும், தூசுக் கோடுகளின் விவரமும் கூடும்.

இழப்பது பரப்பு. தனுசையும் விருச்சிக வாலையும் மட்டும் அடக்கலாம், முழு வளைவு வேண்டுமென்றால் பல படங்களை ஒட்ட வேண்டும். அபெர்ச்சரை f/2.2-க்குக் கொஞ்சம் குறைத்தால் ஓரத்து நட்சத்திரங்கள் ஒழுங்காக வரும். குறைந்த செலவில் தொடங்குபவருக்கு, கிட் லென்ஸைவிட இதைத்தான் முதலில் சொல்வேன்.

விநாடியைப் பாதியாக்கியும் மூலைகளில் நட்சத்திரங்கள் நீண்டே இருக்கின்றன. இன்னும் குறைக்க வேண்டுமா?

குறைக்கும் முன் இரண்டு விநாடியில் ஒரு படம் எடுங்கள், ஐஎஸ்ஓவை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு விநாடியில் அகன்ற லென்ஸில் நகர்வு ஒரு பிக்சல்கூட இருக்காது. அப்போதும் மூலை நட்சத்திரங்கள் சிறகு விரித்ததுபோல இருந்தால் அது லென்ஸின் குறை. கோமா என்பார்கள். அபெர்ச்சரைச் சற்றுக் குறைத்தால் மட்டுமே அது சரியாகும், விநாடியைக் குறைத்துப் பயனில்லை.

வடிவத்தை வைத்தும் பிரித்தறியலாம். பூமிச் சுழற்சியால் வரும் கோடுகளில் பக்கத்துப் பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே திசையில், ஒரே நீளத்தில் சாய்ந்திருக்கும், படத்தின் நடுவிலும் இருக்கும். லென்ஸின் குறை நடுவில் இருக்காது, நான்கு மூலைகளிலும் மையத்தை நோக்கியோ அதற்குக் குறுக்காகவோ திரும்பியிருக்கும். படம் முழுக்க எல்லா நட்சத்திரமும் ஒரே மாதிரி நெளிந்தோ கொக்கிபோல வளைந்தோ இருந்தால் ட்ரைபாட் ஆடியிருக்கிறது. நடுக்கம்பத்தை இறக்குங்கள், இரண்டு விநாடி டைமர் வையுங்கள். புள்ளிகள் கோடாக இல்லாமல் வட்டமாகப் பருத்திருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கேட்டை போன்ற பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்ப வேண்டும்.

வானத்தின் எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒரே விநாடிதானா?

இல்லை. துருவ நட்சத்திரத்துக்கு அருகில் உள்ளவை மெதுவாக நகரும், திருவோணம் போல வான நடுக்கோட்டை ஒட்டியவை வேகமாக நகரும். பால்வழியின் மையம் நடுக்கோட்டுக்கு 29 டிகிரி தெற்கே இருப்பதால் அங்கே நகர்வு எட்டில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அகன்ற லென்ஸில் வேகமாக நகரும் பகுதியும் சேர்ந்தே வந்துவிடும் என்பதால் அந்தச் சலுகையை நான் கணக்கில் எடுப்பதில்லை. நவம்பர் மாலையில் வடக்கே காசியோப்பியா பக்கம் மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் தாராளமாக ஏறக்குறைய இரு மடங்கு நேரம் வைக்கலாம்.

போனிலேயே எடுக்க முடியுமா?

முடியும். 2019-இல் வந்த கூகுளின் பிக்சல் 4 போன், 16 விநாடிக்கு மேற்படாத பதினைந்து படங்கள் வரை எடுத்துத் தானே அடுக்கிக்கொள்ளும். மேலே நாம் கையால் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. ப்ரோ மோடு மட்டும் உள்ள போனில் 15 விநாடிக்குள் நிறுத்தி, பல படம் எடுத்து நீங்களே அடுக்குங்கள்.

ட்ராக்கர் வாங்கினால் இந்தக் கணக்கே வேண்டாமா?

வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் கருவி அது, எனவே நிமிடக் கணக்கில் திறந்து வைக்கலாம். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். நம் பக்கம் அதுதான் கஷ்டம். தமிழகத்தில் துருவ நட்சத்திரம் எட்டு முதல் பதிமூன்று டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, மரமோ மூட்டமோ மறைத்துவிடும். இலங்கையின் தெற்கே இன்னும் தாழ்வு.

அது தெரியாவிட்டால் திசைகாட்டியையும் போனின் சாய்வுமானியையும் வைத்து, அச்சை வடக்கு நோக்கி உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்த்தால் போதும். அதில் இரண்டு டிகிரி பிழை இருந்தாலும் மிஞ்சும் நகர்வு, ட்ராக்கர் இல்லாதபோது இருந்ததில் முப்பதில் ஒரு பங்குக்கும் சற்றுத்தான் அதிகம். அதாவது 18 மிமீயில் 13 விநாடி என்றிருந்த எல்லை ஆறு நிமிடமாகிறது, 50 மிமீயில் 3.2 விநாடி ஒன்றரை நிமிடமாகிறது.